ஓட்டங்களை எண்ணி ஒழுக்கத்தை அளப்பதா?

நாணயமொன்றை 50 முறை சுண்டி, விழுந்த முகங்களை வரிசையாகத் தாளில் எழுதி, அத்தாளை நிழற்படமெடுத்து அனுப்புமாறு மாணவரைக் கேட்பது புள்ளிவிபரவியல் செய்முறை வகுப்புகளில் வழக்கமான பயிற்சியாகும். வந்து சேர்ந்த வரிசையை ஓட்டச் சோதனைக்கு உட்படுத்தி, “இது சுண்டிப் பெற்றதன்று, இருந்த இடத்திலிருந்து மனம்போன போக்கில் எழுதியது” என்று மாணவர் மீது குற்றஞ் சுமத்துவதோ முற்றிலும் வேறானது. முன்னையது கல்வி, பின்னையது விசாரணை. விசாரணைக்குரிய அதிகாரத்தை ஓட்டச் சோதனை ஒருபோதும் கோரியதில்லை. அதன் பெயரால் நாமே அவ்வதிகாரத்தைக் கையிலெடுத்துக் கொள்கின்றோம். இக்கட்டுரை சோதனைக்கு எதிரானதன்று. சோதனையின் விடையை அது சொல்லாத ஒன்றாக மாற்றி வாசிக்கும் வழக்கத்திற்கு எதிரானது.

முதலில் சோதனை யாதெனப் பார்ப்போம். ஒரே முகம் இடையறாது தொடரும் பகுதி ஓர் ஓட்டம் எனப்படும். ‘த த பூ த’ என்னும் வரிசையில் மூன்று ஓட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு சுண்டலும் முன்னையதைச் சாராது நிகழுமாயின், தலைகளினதும் பூக்களினதும் எண்ணிக்கையைக் கொண்டு எத்தனை ஓட்டங்களை எதிர்பார்க்கலாம் என்பதைக் கணிக்கலாம். ஓட்டங்கள் மிகக் குறைவாயின் ஒரே முகம் கூட்டங்கூட்டமாக வருகின்றது எனலாம். மிகக் கூடுதலாயின் முகங்கள் அளவுக்கு மீறி மாறி மாறி வருகின்றன எனலாம். ஆபிரகாம் வால்ட், ஜேக்கப் வுல்ஃபோவிற்ஸ் ஆகிய இருவரின் பெயரால் இச்சோதனை வழங்கப்படுகின்றது. அவர்கள் 1940இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் நோக்கம், இரண்டு மாதிரிகள் ஒரே குடித்தொகையிலிருந்து பெறப்பட்டவையா என அறிவதாகவே இருந்தது. மனிதரின் நேர்மை அவர்களது கருதுகோள்களுள் ஒன்றாக இருக்கவில்லை.

இனி ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். நிழற்படத்தில் ஐந்து வரிகள் உள்ளன. வரிக்குப் பத்து எழுத்துகள்.

த பூ த த பூ த பூ பூ த பூ
த த பூ பூ த பூ பூ த பூ த
த த பூ த பூ பூ த த பூ த
பூ பூ த த பூ த பூ பூ த பூ
த த பூ பூ த பூ த த பூ பூ

இதில் தலை 25, பூ 25. ஒரு வரியின் முடிவையும் அடுத்த வரியின் தொடக்கத்தையும் இணைத்து இடமிருந்து வலமாக எண்ணினால் 34 ஓட்டங்கள் உள்ளன. எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கையைக் காண்பதற்குத் தலைகளின் தொகையையும் பூக்களின் தொகையையும் பெருக்கி, இரட்டித்து, மொத்தச் சுண்டல்களால் வகுத்து, ஒன்றைக் கூட்டுதல் வேண்டும். 25ஐ 25ஆல் பெருக்க 625, இரட்டிக்க 1250, 50ஆல் வகுக்க 25, ஒன்றைக் கூட்ட 26. இவ்வெண்ணிக்கையின் நியம விலகல் ஏறத்தாழ 3.5. ஆகவே நமது தாள் எதிர்பார்ப்பிலிருந்து 8 ஓட்டங்கள், அதாவது ஏறத்தாழ 2.29 நியம விலகல்கள், கூடி நிற்கின்றது. செவ்வன் பரம்பலை அண்ணளவாகக் கொள்ளும்போது செய்யவேண்டிய அரை அலகுத் திருத்தத்தைச் செய்தால் 2.14. நூற்றுக்கு ஐந்து என்னும் வழக்கமான பொருண்மை மட்டத்திற்குரிய எல்லை 1.96. எவ்வாறு கணித்தாலும் தாள் எல்லையைத் தாண்டிவிடுகின்றது. இத்தகைய அல்லது இதனிலும் பெரிய விலகல், இரு பக்கமும் சேர்த்து, உண்மையாகச் சுண்டிய தாள்கள் நூற்றில் ஏறத்தாழ மூன்றில் மட்டுமே காணப்படும்.

இதற்குத் துணையாக இன்னொரு செய்தியும் உண்டு. தாளில் உள்ள மிக நீண்ட ஓட்டம், இரண்டாம் வரியின் இறுதியும் மூன்றாம் வரியின் முதலிரண்டு எழுத்துகளும் சேர்ந்த மூன்று தலைகளே. நடுநிலையான நாணயத்தை 50 முறை சுண்டும்போது நான்கோ அதற்கு மேலோ நீண்ட ஓட்டம் ஒன்றேனும் வருவதற்கான நிகழ்தகவு நூற்றுக்கு 98. ஐந்தோ அதற்கு மேலோ வருவதற்குக்கூட நூற்றுக்கு 82. மனிதர் தம் மனத்திலிருந்து எழுதும் வரிசைகளில் இத்தகைய நீண்ட ஓட்டங்கள் அரிதாகவே தோன்றும். நான்கு தலைகளைத் தொடர்ந்து எழுதிய கை, ‘இனிப் பூ வரத்தான் வேண்டும்’ எனக் கூசுகின்றது. நெதர்லாந்து உளவியலாளர் வாகனார் 1972இல் இத்துறை ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, பெரும்பாலானவை இம்மிகை மாற்றத்தையே சுட்டியிருந்தன. நாணயம் பாதித் தடவைகளில் முகம் மாறும். மனிதரோ ஏறத்தாழப் பத்துக்கு ஆறு தடவைகள் மாற்றுகின்றனர்.

இதுவரை சொல்லப்பட்டவற்றை நான் மறுக்கவில்லை. மாணவர் சிலர் இவ்விடத்தில் எழுப்பும் எதிர்வாதத்தையும் நான் ஏற்கவில்லை. “50 சுண்டல்களுக்குரிய எந்த வரிசையும் சமமான நிகழ்தகவு உடையதே, ஆகவே இவ்வரிசையும் எவ்வரிசையையும் போன்றதே, சோதனையே பொருளற்றது” என அவர்கள் கூறுவர். தனியொரு வரிசையின் நிகழ்தகவு, இரண்டின் ஐம்பதாம் வலுவில் ஒரு பங்கு என்பது உண்மையே. ஆனால் சோதனை தனியொரு வரிசையைக் கேட்கவில்லை. 34 அல்லது அதற்கு மேற்பட்ட ஓட்டங்களையுடைய வரிசைகள் யாவும் சேர்ந்த வகுதியைக் கேட்கின்றது. 26ஐ அண்டிய ஓட்டங்களையுடைய வரிசைகள் ஏராளம். 34ஐத் தாண்டியவை சிலவே. இவ்வேறுபாட்டைக் காணாது சோதனையை எள்ளி நகைப்போர், குற்றஞ் சுமத்துவோருக்கே வாய்ப்பளிக்கின்றனர். சோதனையின் வலிமையை ஒப்புக்கொண்ட பின்னரே அதன் எல்லையைப் பற்றி வாதிட முடியும்.

முதலாவது எல்லை நிழற்படத்திலேயே உள்ளது. ஓட்டச் சோதனை வரிசையின் ஒழுங்கை மட்டுமே ஆராய்கின்றது. நிழற்படமோ தாளைக் காட்டுமேயன்றி, எழுத்துகள் எந்த ஒழுங்கில் எழுதப்பட்டன என்பதைக் காட்டாது. மேலே தந்த கட்டத்தை மாணவர் மேலிருந்து கீழாக, நிரல் நிரலாக நிரப்பியிருந்தால் என்ன நேரும்? வாசகர் தாமே எண்ணிப் பார்க்கலாம். முதல் நிரல் ‘த த த பூ த’. இரண்டாம் நிரல் ‘பூ த த பூ த’. இவ்வாறு பத்து நிரல்களையும் தொடர்ந்து எண்ணினால் ஓட்டங்கள் 34 அல்ல, 32. விலகல் 6 ஓட்டங்களாகச் சுருங்க, நியம விலகலில் அது 1.71 ஆகின்றது. அதே தாள், அதே எழுத்துகள், அதே சோதனை. ஆனால் இப்போது குற்றமில்லை.

ஓர் எழுத்தைப் பிழையாக வாசித்தாலும் இதே விளைவு நேரும். நான்காம் வரியின் ஆறாம் எழுத்தைப் பாருங்கள். இரு பூக்களுக்கு நடுவே தனித்து நிற்கும் ஒரு ‘த’ அது. அது மங்கிய ஒளியில், மடிப்பு விழுந்த தாளில் எடுக்கப்பட்ட படத்தில் பிழையாக வாசிக்கப்பட்ட ‘பூ’ ஆயின், ஓட்டங்கள் இரண்டு குறைந்து 32 ஆகும், விலகல் 1.73. ஓரெழுத்து மாறினால் ஓட்டம் ஒன்று குறையும் என்றே பலரும் நினைப்பர். நடுவில் தனித்து நிற்கும் எழுத்து மாறும்போது அதன் இரு பக்கத்து ஓட்டங்களும் ஒன்றிணைவதால் இரண்டு குறைகின்றன. 50 எழுத்துகளில் ஒன்றால் தீர்ப்பே புரண்டுவிடுமாயின், அந்த ஓரெழுத்தை மூலத்தாளுடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் தீர்ப்புக் கூறியவரின் கவனயீனத்தை எந்தச் சோதனையால் அளப்பது?

இரண்டாவது எல்லை மேலும் ஆழமானது. “நேர்மையான தாள்கள் நூற்றில் மூன்றிலேயே இத்தகைய விலகல் காணப்படும்” என்பது சோதனையின் கூற்று. “ஆகவே இம்மாணவர் நேர்மையானவர் என்பதற்கு நூற்றுக்கு மூன்றே வாய்ப்பு” என்பது குற்றஞ் சுமத்துவோரின் கூற்று. இரண்டும் ஒன்றெனக் கருதுவதே இவ்விடயத்தில் நிகழும் தவறுகளுள் மிகப் பெரியது. மழை பெய்தால் நிலம் நனையும் என்பதிலிருந்து, நிலம் நனைந்திருந்தால் மழைதான் பெய்திருக்கும் என முடிவு செய்வதைப் போன்றதே இது. பின்னைய கூற்றைச் சொல்வதற்கு, வகுப்பில் எத்தனை பேர் தாளைச் சுண்டாமல் எழுதியிருப்பர் என்னும் மதிப்பீடும், அவ்வாறு எழுதியவர்களுள் எத்தனை பேர் சோதனையில் அகப்படுவர் என்னும் மதிப்பீடும் வேண்டும். ஓட்டங்களின் எண்ணிக்கை இவ்விரண்டையும் தராது.

இதனைக் கணக்கிட்டே காட்டலாம். மனத்திலிருந்து எழுதுவோர் பத்துக்கு ஆறு தடவைகள் முகத்தை மாற்றுவர் எனக் கொள்வோம். 50 சுண்டல்களில் அவர்களது சராசரி ஓட்டங்கள் ஏறத்தாழ 30 ஆகும். எல்லையாகிய 33ஐத் தொடுவோர் அவர்களுள் நூற்றுக்கு 27 அளவினரே. நேர்மையாகச் சுண்டியவர்களுள் மேற்பக்க எல்லையைத் தொடுவோர் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் கூடுதல். இப்போது 100 பேர் கொண்ட வகுப்பை எண்ணுங்கள். அவர்களுள் 10 பேர் சுண்டாமல் எழுதினர். 90 பேர் சுண்டினர். பத்துப்பேரில் ஏறத்தாழ மூவர் அகப்படுவர். ஏழு பேர் தப்புவர். தொண்ணூறு பேரில் இருவர் அகப்படுவர். ஆக, குற்றவாளிக் கூண்டில் ஐவர் நிற்பர். அவர்களுள் இருவர் நாணயத்தை நேர்மையாகச் சுண்டியவர்கள். ஐந்தில் இருவரைப் பிழையாகத் தண்டித்து, பத்தில் எழுவரைத் தப்பவிடும் ஏற்பாட்டை வேறெந்தத் துறையிலாவது நாம் நீதி என்போமா?

“வகுப்பில் நாம் நடத்தும் விளையாட்டில் இச்சோதனை வெற்றியளிக்கின்றதே” என ஒரு விரிவுரையாளர் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்வி. வகுப்பில் பாதிப்பேரை நாணயம் சுண்டுமாறும், மறுபாதிப்பேரைச் சுண்டாமல் கற்பனையாக எழுதுமாறும் பணித்து, எது எதுவென ஆசிரியர் இனங்காணும் பயிற்சி பல நாடுகளிலும் பயின்று வருவது, சிறந்த பயிற்சியுங்கூட. ஆனால் அதில் 100 பேரில் 50 பேர் கற்பனையாகவே எழுதுகின்றனர். அவர்களுள் 13 அல்லது 14 பேர் அகப்பட, சுண்டிய 50 பேரில் ஒருவரே அகப்படுவார். ஆகவே எல்லை கடந்த தாளைக் காட்டி “இது கற்பனை” என்று சொல்லும் ஆசிரியர் பெரும்பாலும் சரியாகவே சொல்வார். விளையாட்டில் அவர் பெற்ற வெற்றி சோதனையால் மட்டும் விளைந்ததன்று. பாதிப்பேரைப் பொய்யெழுதுமாறு தாமே பணித்ததாலும் விளைந்தது. அந்த நம்பிக்கையை, பொய்யெழுதுவோர் சிலரேயான உண்மை வகுப்பிற்கு அப்படியே எடுத்துச் செல்லும்போது, தமது மாணவர் பாதிப்பேர் பொய்யர் என்னும் கருதுகோளையும் அவர் தம்மையறியாமல் உடன் எடுத்துச் செல்கின்றார்.

மூன்றாவதாக, சோதனையில் தேறிய தாள்களைப் பற்றியும் ஒரு சொல். எல்லைக்குள் நின்ற தாள் ‘எழுமாற்றானது’ எனச் சான்றிதழ் பெறுகின்றது. இரண்டு தலை, இரண்டு பூ, இரண்டு தலை, இரண்டு பூ என இயந்திரம் போல 50 எழுத்துகளை ஒருவர் எழுதினார் என வைத்துக்கொள்வோம். தலை 26, பூ 24, ஓட்டங்கள் 25, எதிர்பார்ப்பு 25.96. விலகல் ஓர் ஓட்டங்கூட இல்லை! முழுவதும் ஒழுங்கமைந்த, எவரும் அடுத்த எழுத்தை முன்கூட்டியே சொல்லத்தக்க வரிசை, ஓட்டச் சோதனையில் நேர்மையான தாள்கள் பலவற்றிலும் சிறப்பாகத் தேறுகின்றது. ஏனெனில் சோதனை ஓட்டங்களின் தொகையை எண்ணுகின்றதேயன்றி, அவற்றின் நீளங்கள் எவ்வாறு பரம்பியுள்ளன என்பதைப் பார்ப்பதில்லை. மேலும், நியூறிங்கர் என்னும் ஆய்வாளர் 1986இல் வெளியிட்ட பரிசோதனைகள், தாம் எழுதும் வரிசையின் குறைகள் உடனுக்குடன் தெரிவிக்கப்படுமாயின், எழுமாற்று வரிசைகளை ஒத்தவற்றை எழுத மனிதர் பழகிக்கொள்வர் எனக் காட்டின. எனவே, இச்சோதனை ஏமாற்றுவோரைப் பிடிக்கும் வலையன்று. ஏமாற்றத் தெரியாதவரைப் பிடிக்கும் வலை. ஓட்டங்களைப் பற்றிப் படித்த மாணவர் இரண்டிடத்தில் ஐந்து தலைகளைச் செருகிவிட்டுத் தப்பிச் செல்வார், படிக்காதவர் அகப்படுவார்.

இன்னொரு முறைகேட்டையும் குறிப்பிடாமல் விட முடியாது. படத்தைப் பார்த்து, நீண்ட ஓட்டம் இல்லையே என ஐயுற்று, அதன் பின்னர் ஓட்டச் சோதனையைத் தெரிவுசெய்து, அதுவே ஐயத்தை உறுதிப்படுத்தியதாகக் கூறுவது ஆய்வு நெறியாகாது. ஐயத்தை எழுப்பிய அதே தரவு அந்த ஐயத்திற்குச் சாட்சியாக மீண்டும் அழைக்கப்படுகின்றது. தலைகள் அளவுக்கு மீறியிருந்தால் வேறொரு சோதனை, வரிசை சமச்சீராயின் இன்னொரு சோதனை எனக் கண்ணிற் பட்டதற்கேற்பச் சோதனையைத் தெரிவு செய்பவருக்கு, நூற்றுக்கு ஐந்து என்னும் மட்டம் வெறும் அலங்காரமே. எந்தச் சோதனை, எந்தப் பக்கம், எந்த மட்டம் என்பன படத்தைப் பார்க்கும் முன்னரே எழுதி வைக்கப்படல் வேண்டும்.

அவ்வாறாயின் ஆசிரியர் செய்யக்கூடியது யாது? முதலாவதாக, 50 சுண்டல்களை விடுத்து 200 கேட்கலாம். மேலே கொண்ட அதே கணிப்பின்படி, 200 எழுத்துகளைக் கற்பனையாக எழுதிய பத்துப்பேரில் எட்டுப்பேர் அகப்படுவர். இது மூன்றிலும் மேலானது. ஆயினும் நேர்மையான தொண்ணூறு பேரில் இருவர் அப்போதும் அகப்படவே செய்வர். மட்டத்தை நாம் அவ்வாறு வகுத்திருப்பதால் எந்த மாதிரிப் பருமனும் அவர்களைக் காப்பாற்றாது. இரண்டாவதாக, எழுதும் திசையைத் தாளிலேயே குறிக்கச் சொல்லலாம். வரிகளுக்கு எண்ணிடச் சொல்லலாம். படத்துடன் மூலத்தாளையும் பெற்றுக்கொள்ளலாம். மூன்றாவதாக, ஐயம் எழும்போது மாணவரை அழைத்து மீண்டும் சுண்டுமாறு கேட்கலாம். ஒரு சுண்டலுக்கும் பதிவுக்கும் ஐந்து விநாடி எனக் கொண்டால் 200 சுண்டல்களுக்குப் பதினேழு நிமிடம் போதும். புதிய தாள் பழைய தாளின் நேர்மையை நிறுவாது என்பது உண்மையே. ஆனால் பயிற்சிக்கு வேண்டியது சுண்டிப் பெற்ற தரவு. அது கைக்கு வந்துவிட்டால் பழைய தாளைப் பற்றிய விசாரணைக்கே தேவையில்லாமற் போகின்றது.

பதினேழு நிமிடத்தைச் செலவிட விரும்பாதவர் ஒரு மாணவரின் பெயருக்கு எதிரே ‘பொய்த் தரவு’ என்று எழுதுவது ஏன்? சோதனை அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்துவிட்டதென அவர் நம்புவதாலேயே. ஆனால் சோதனை சொன்னது இவ்வளவே: இவ்வொழுங்கில், இவ்வாறு வாசிக்கப்பட்டபோது, சாராத சுண்டல்களில் எதிர்பார்க்கத்தக்கதைவிட எட்டு ஓட்டங்கள் கூடுதலாக உள்ளன. அது ஒரு கேள்வியைக் கேட்பதற்குப் போதுமான காரணம். மாணவரிடம் அக்கேள்வியைக் கேட்காமலே விடையை எழுதிவிடுவதற்கு அது காரணமாகாது. ‘பொய்த் தரவு’ என எழுதப்பட்ட மாணவர் தம் குற்றமின்மையைத் தாமே நிறுவ வேண்டுமென எதிர்பார்க்கப்படுகின்றார். நடந்து முடிந்த 50 சுண்டல்களை எவராலும் நிறுவ முடியாது. நிறுவ முடியாத ஒன்றை நிறுவும் பொறுப்பை மாணவர் மீது சுமத்தும் எந்த நடைமுறையும், எத்தனை தசமதானங்களுக்குத் திருத்தமாகக் கணிக்கப்பட்டிருப்பினும், கைவிடப்படல் வேண்டும்.